4, 5, 7, 8: திருப்பாமல் கூட்டிய ஸ்கோர்

"அக்கா, நான் எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் வருஷம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற 132 பெண்களிடம் மன அழுத்தத்தை அளக்கிற பிஎஸ்எஸ்-10 ஸ்கேலைக் கேட்டேன். கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஆல்ஃபா 0.14தான் வருகிறது. சராசரி 21, பரவலைக் காட்டும் எஸ்.டி. 3.4. நிரந்தரத் தொழிலாளி, தற்காலிகத் தொழிலாளி இரண்டு பேருக்கும் மன அழுத்தத்தில் வித்தியாசமே இல்லை என்று வருகிறது, நேரில் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை. 4, 5, 7, 8 கேள்விகளை எடுத்துவிட்டால் ஆல்ஃபா 0.80 வருகிறது. எடுத்துவிடலாமா?"

எடுக்காதீர்கள். அந்த நான்கு கேள்விகளில் எந்தக் குறையும் இல்லை, அவற்றைத் திருப்பாமல் கூட்டிவிட்டீர்கள், அவ்வளவுதான். நீங்கள் எழுதியிருக்கும் எண்களை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். பிஎஸ்எஸ்-10ல் திருப்ப வேண்டிய கேள்விகள் சரியாக அந்த 4, 5, 7, 8 தான். எந்த நான்கை எடுத்தால் ஆல்ஃபா ஏறுகிறது என்று சாஃப்ட்வேர் காட்டியதோ, அதே நான்கு. இது தற்செயலாக அமைகிற விஷயம் இல்லை.

அந்த ஸ்கேலில் பத்துக் கேள்வி. எல்லாமே கடந்த ஒரு மாதத்தைப் பற்றி, எல்லாவற்றுக்கும் பதில் 0 முதல் 4 வரை: ஒருபோதும் இல்லை என்றால் 0, மிக அடிக்கடி என்றால் 4. இதில் ஆறு கேள்விகள் கஷ்டத்தைக் கேட்கின்றன, எதிர்பாராமல் நடந்ததால் மனசு கலங்கினீர்களா, முக்கியமான விஷயங்கள் கைமீறிப் போயினவா, வேலை எல்லாம் சேர்ந்து தலைக்கு மேல் போனதா என்கிற மாதிரி. மற்ற நான்கு தெம்பைக் கேட்கின்றன, சொந்தப் பிரச்சினையைச் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை இருந்ததா, காரியங்கள் நினைத்தபடி நடந்தனவா, எரிச்சலை அடக்க முடிந்ததா, எல்லாம் உங்கள் பிடியில் இருந்ததா என்று. முதல் வகையில் 4 போட்டவர் அழுத்தத்தில் இருக்கிறார். இரண்டாம் வகையில் 4 போட்டவர் நிம்மதியாக இருக்கிறார். இரண்டு 4ஐயும் ஒரே பையில் போட்டுக் கூட்டினால் வருகிற எண்ணுக்கு என்ன அர்த்தம்?

இரண்டு பெண்களை வைத்துப் பார்க்கலாம், எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. முதல் பெண் தற்காலிகமாக வேலைக்கு வருபவர், கணவருக்கு உடம்பு சரியில்லை, கூட்டுறவில் கடன். அவர் கஷ்டக் கேள்விகள் ஆறுக்கும் 3, 4, 3, 3, 3, 4 என்கிறார், மொத்தம் 20. தெம்புக் கேள்விகள் நான்குக்கும் 1, 0, 1, 1, மொத்தம் 3. நீங்கள் கூட்டிய விதத்தில் இவருடைய ஸ்கோர் 23. இரண்டாவது பெண் நிரந்தரத் தொழிலாளி, பிள்ளைகள் படிப்பு முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். கஷ்டக் கேள்விகளில் 1, 0, 1, 1, 1, 1, அதாவது 5. தெம்புக் கேள்விகளில் 3, 4, 3, 3, அதாவது 13. கூட்டினால் 18.

23க்கும் 18க்கும் ஐந்துதான் வித்தியாசம், ஏதோ இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பதுபோல. இப்போது திருப்பிப் பாருங்கள். திருப்புவது என்றால் 4லிருந்து பதிலைக் கழிப்பது, 0 வந்தால் 4 ஆகும், 1 வந்தால் 3 ஆகும், 2 இரண்டாகவே இருக்கும். முதல் பெண்ணின் 1, 0, 1, 1 இப்போது 3, 4, 3, 3 ஆகிறது, மொத்தம் 20 + 13 = 33. இரண்டாவது பெண்ணின் 3, 4, 3, 3 இப்போது 1, 0, 1, 1 ஆகிறது, 5 + 3 = 8. 33க்கும் 8க்கும் இருபத்தைந்து வித்தியாசம். அந்த இருபத்தைந்தைத்தான் ஐந்தாக நசுக்கி வைத்திருக்கிறீர்கள்.

எஸ்.டி. 3.4 என்று சுருங்கிக் கிடப்பதற்குக் காரணம் இதுதான். 0 முதல் 40 வரை போகக்கூடிய ஸ்கேலில், 132 பேரும் இருபதைச் சுற்றியே குவிந்திருக்கிறார்கள் என்றால், மலையில் எல்லோரும் ஒரே மாதிரி வாழ்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை. கஷ்டம் கூடும்போது ஆறு கேள்விகளில் எண் ஏறுகிறது, அதே சமயம் நான்கு கேள்விகளில் இறங்குகிறது, ஒன்று ஏற்றியதை மற்றது இறக்கிவிடுகிறது. ஆறு, நான்கு என்று பிரிந்திருப்பதால் கொஞ்சமாவது மிச்சம் நிற்கிறது. ரோசன்பெர்க் சுயமதிப்பு ஸ்கேலில் பத்தில் ஐந்து நேர், ஐந்து எதிர். அதைத் திருப்பாமல் கூட்டினால் அந்த மிச்சம்கூட இருக்காது, கிட்டத்தட்ட முழுதாக அடித்துப் போய்விடும்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் போதும். கஷ்டக் கேள்விகளின் கூட்டல் P, தெம்புக் கேள்விகளின் கூட்டல் N என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுத்தது P + N. எடுத்திருக்க வேண்டியது P + 16 − N. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 2N − 16. அதனால் N சரியாக 8 ஆக இருக்கிற ஆளுக்கு மட்டும் உங்கள் தப்பான ஸ்கோரும் சரியாக வந்துவிடும். மற்ற எல்லோருக்கும் தவறு, அதுவும் ஆளுக்கு ஒரு அளவில் தவறு, அதனால் "எல்லோருக்கும் இத்தனை கூட்டு" என்று பிறகு சரிசெய்யவும் முடியாது. வெறும் மொத்த ஸ்கோரை மட்டும் வைத்துக்கொண்டு கேள்விவாரியான பதிலைத் தொலைத்துவிட்டால் திரும்பப் பெற வழியே இல்லை. ஃபார்ம்களைப் பத்திரமாக வையுங்கள்.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் 132 பேரின் N சராசரி எட்டை ஒட்டி இருந்தால், மொத்தச் சராசரி திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் அதே 21தான் வரும். "மற்ற ஆய்வுகளிலும் இருபது பக்கம்தான் வருகிறது, அதனால் என் டேட்டா சரி" என்று நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சராசரியை வைத்து இந்தத் தவறைப் பிடிக்க முடியாது. பரவலிலும், கேள்விகள் ஒன்றோடொன்று எப்படிப் போகின்றன என்பதிலும்தான் அது மாட்டும். 0–13 குறைவு, 14–26 நடுத்தரம், 27–40 அதிகம் என்று பிரித்து அட்டவணை போடும் பழக்கம் இருக்கிறதே, அதில் போட்டால் இன்னும் மோசம், கிட்டத்தட்ட எல்லோரும் போய் "நடுத்தரம்" பெட்டியில் விழுந்துவிடுவார்கள். மேலே சொன்ன இரண்டு பெண்களையே பாருங்கள், 23ம் நடுத்தரம், 18ம் நடுத்தரம். (அந்தப் பிரிப்பு ஸ்கேலை உருவாக்கிய ஷெல்டன் கோஹன் கொடுத்தது இல்லை, அவரும் சகாக்களும் 1983ல் பதினான்கு கேள்வியோடு முதலில் வெளியிட்ட இந்த அளவுகோல் நோயைக் கண்டறியும் கருவியும் இல்லை. முடிந்தால் அந்த அட்டவணையையே விட்டுவிடுங்கள்.)

அப்புறம் நிரந்தரம், தற்காலிகம் விஷயம். நேரில் பார்த்ததும் கணக்கும் ஒத்துவரவில்லை என்று சந்தேகப்பட்டீர்களே, அந்தச் சந்தேகத்தை விடாமல் பிடித்தது நல்லது. தற்காலிகத் தொழிலாளிகளுக்கு P சராசரி 14, N சராசரி 6 என்று வைத்துக்கொள்வோம். நிரந்தரத் தொழிலாளிகளுக்கு P 12, N 9. திருப்பாமல் கூட்டினால் தற்காலிகம் 20, நிரந்தரம் 21. திருப்பினால் தற்காலிகம் 24, நிரந்தரம் 19. அதாவது வித்தியாசம் மறைவதோடு நிற்காமல் திசையே மாறிவிடுகிறது, நிம்மதியாக இருப்பவர்களுக்குத்தான் அழுத்தம் ஒரு புள்ளி அதிகம் என்று வந்து நிற்கிறது. உங்களுக்கும் இப்படித்தான் வரும் என்று நான் சொல்லவில்லை, திருப்பிய பிறகும் வித்தியாசம் இல்லாமல் போகலாம், அப்படி வந்தால் அப்படியே எழுத வேண்டியதுதான். ஆனால் இப்போது கையில் இருக்கும் "வித்தியாசம் இல்லை" என்பது ஒரு முடிவே இல்லை.

இன்னும் மூன்றாவது பெண் ஒருவர் உண்டு. லயன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேள்வி கேட்டிருப்பீர்கள், தெரியும். எடை போட்டுவிட்டு வந்து, அடுப்புப் பற்ற வைக்க நேரமாகிறதே என்ற யோசனையில், எதைக் கேட்டாலும் "அடிக்கடி, அடிக்கடி" என்று சொல்லி முடித்துவிடுகிறவர். பத்துக்கும் 3. திருப்பாமல் கூட்டினால் அவருக்கு 30, அதாவது உண்மையிலேயே கஷ்டத்தில் இருக்கிற முதல் பெண்ணின் 23ஐத் தாண்டி மேலே நிற்கிறார். திருப்பினால் 18 + 4 = 22, நடுவில் வந்து உட்கார்கிறார், இடம் அதுதான். ஸ்கேல் எழுதுகிறவர்கள் இரண்டு திசையிலும் கேள்வி வைப்பதற்கு இவரும் ஒரு காரணம், எதற்கும் ஆமாம் போடுகிற பழக்கம் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடாமல் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளட்டும் என்று. நீங்கள் திருப்பாமல் கூட்டியபோது நடந்தது இதற்கு நேர் எதிர். அழுத்தம் கழிந்து போய்விட்டது, ஆமாம் போடும் பழக்கம் கூடி நிற்கிறது. 23, 18, 30 என்ற அந்த வரிசை பெரும்பாலும் யாருக்குப் பெரிய எண் சொல்லும் வழக்கம் என்பதைத்தான் அளக்கிறது. அதை வைத்துக்கொண்டு வயது, கூலி, குடும்ப அளவு என்று எதனோடு கோரிலேஷன் போட்டாலும் வருவது அழுத்தத்தைப் பற்றிய செய்தி இல்லை.

சரி, எப்படித் திருப்புவது. எக்செல்லில் A வரிசை எண், B முதல் K வரை கேள்வி 1 முதல் 10 வரை என்றால், மொத்த ஸ்கோருக்கு இது போதும்:

```
=IF(COUNT(B2:K2)<10,"",B2+C2+D2+G2+J2+K2+16-(E2+F2+H2+I2))
```

முன்னால் அந்த COUNT ஏன் என்றால், எக்செல் காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். ஒரு பெண் ஐந்தாவது கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, கட்டம் காலி. நீங்கள் =4-F2 என்று போட்டால் அது 4 என்று காட்டும், அதாவது பதிலே சொல்லாதவருக்கு அந்தக் கேள்வியில் உச்சபட்ச அழுத்தம். எந்த எச்சரிக்கையும் வராது. 132 ஃபார்மில் பத்துப் பதினைந்து இடத்தில் இப்படி இருந்தால் கண்ணில் படாமலே ஸ்கோர் ஏறிக்கொண்டு போகும்.

எஸ்பிஎஸ்எஸ் என்றால்:

```
RECODE q4 q5 q7 q8 (0=4)(1=3)(2=2)(3=1)(4=0) INTO q4r q5r q7r q8r.
COMPUTE pss = q1+q2+q3+q4r+q5r+q6+q7r+q8r+q9+q10.
EXECUTE.
```

INTO போட்டுப் புதுப் பெயரில் எழுதுவது முக்கியம். பழைய பெயரிலேயே மாற்றிவிட்டு ஃபைலைச் சேமித்தால், அடுத்த வாரம் "திருப்பினேனா இல்லையா" என்று குழம்பி மறுபடி ஓட்டுவீர்கள், இரண்டு முறை திருப்பியது பழையபடி திருப்பாத நிலைக்கே வந்துவிடும். பெயரில் ஒரு r இருந்தால் அந்தக் குழப்பமே வராது. ஆல்ஃபா போடும்போதும் q4 இல்லை, q4r கொடுக்க வேண்டும்.

கூகுள் ஃபார்மில் அல்லது நீங்களே அடித்த ஷீட்டில் பதில் 0–4 என்று இல்லாமல் 1–5 என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால் 4லிருந்து கழிக்கக் கூடாது, 6லிருந்து கழிக்க வேண்டும். விதி எளிது, மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் கூட்டி அதிலிருந்து பதிலைக் கழிக்க வேண்டும். பிஎஸ்எஸ்க்கு எல்லாக் கேள்வியிலும் ஒன்றைக் குறைத்து 0–4 ஆக்கிவிட்டு ஆரம்பிப்பதுதான் நல்லது, இல்லாவிட்டால் ஸ்கோர் 10 முதல் 50 வரை போகும், மற்றவர்கள் வெளியிட்ட எண்ணோடு ஒப்பிட முடியாது. திருப்பிய பத்திகளின் மினிமம், மேக்ஸிமம் பாருங்கள். −1 வந்தாலோ 5 வந்தாலோ தப்பான எண்ணிலிருந்து கழித்திருக்கிறீர்கள்.

ஆர் என்ற சாஃப்ட்வேர் பயன்படுத்தும் நண்பர்கள் யாராவது உதவினால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். psych பேக்கேஜில் alpha போடும்போது check.keys=TRUE கொடுத்தால் அது தானாகவே எதிராகப் போகிற கேள்விகளைத் திருப்பிக் கணக்குப் போட்டு அழகான ஆல்ஃபாவைக் கொடுத்துவிடும், கேள்விப் பெயருக்குப் பின்னால் ஒரு கழித்தல் குறியும், எளிதில் கண்ணில் படாமல் போகிற ஓர் எச்சரிக்கை வரியும் மட்டும் இருக்கும். ஆனால் உங்கள் டேட்டாவில் எதுவும் மாறியிருக்காது. ஆல்ஃபா 0.85 என்று தீசிஸில் எழுதியிருக்கும், அதற்கு அடுத்த பக்கத்து ஸ்கோர் எல்லாம் திருப்பாத கூட்டலாக இருக்கும். உங்களுக்கு ஆல்ஃபா 0.14 என்று அசிங்கமாக வந்ததால்தான் நிறுத்திக் கேட்டீர்கள். அந்த எச்சரிக்கை வரியைக் கவனிக்காதவர்களுக்கு அப்படி ஒரு அறிகுறிகூடக் கிடைக்காது.

திருப்புவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். 4, 5, 7, 8 என்ற எண்ணை நம்பாதீர்கள், உங்கள் கையில் இருக்கும் தமிழ் ஃபார்மை எடுத்து ஒவ்வொரு கேள்வியையும் வாசியுங்கள். மொழிபெயர்த்தவர் வரிசையை மாற்றியிருக்கலாம். யாரோ ஒருவருடைய தீசிஸ் பின்னிணைப்பிலிருந்து எடுத்திருந்தால் அது பதினான்கு கேள்வி வடிவமாகக்கூட இருக்கலாம், அதில் திருப்ப வேண்டியவை 4, 5, 6, 7, 9, 10, 13. சில ஃபார்ம்களில் தெம்புக் கேள்விகளுக்கு மட்டும் விடைகளுக்கு நேரே 4, 3, 2, 1, 0 என்று ஏற்கெனவே திருப்பியே அச்சடித்திருப்பார்கள், அதை மறுபடி திருப்பினால் கெட்டுவிடும். உங்கள் டேட்டாவில் அந்த நான்கும் எதிராகப் போவதால் அப்படி இருக்க வாய்ப்பு இல்லை, இருந்தாலும் ஃபார்மைப் பார்த்துவிடுங்கள்.

வாசிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதில் பெரிய எண் போட்டவருக்கு அழுத்தம் அதிகமா, குறைவா? "இல்லை", "முடியவில்லை" என்ற சொல் வருகிறதா என்று பார்க்காதீர்கள். தமிழில் இந்த ஸ்கேலை வாசித்தால் இரண்டாவது கேள்வியிலும் ஆறாவதிலும் "முடியவில்லை" வரும், முக்கியமான விஷயங்களைக் கட்டுப்படுத்த முடியவில்லை, செய்ய வேண்டியதை எல்லாம் சமாளிக்க முடியவில்லை என்று. அந்தச் சொல்லைப் பார்த்ததும் "இதுதான் ரிவர்ஸ் கேள்வி" என்று அவற்றைத் திருப்பிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தப்பு. அங்கே 4 போட்டால் அழுத்தம் அதிகம், அது நேர்க் கேள்வி. திருப்ப வேண்டிய நான்கிலும் "நம்பிக்கை", "நினைத்தபடி", "முடிந்தது" என்று நல்ல சொற்களாக இருக்கும், பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ரோசன்பெர்க்கில் இது அப்படியே மாறி வரும், அங்கே அளப்பது சுயமதிப்பு, அதனால் "நான் எதற்கும் லாயக்கில்லை" என்கிற வகைக் கேள்விகளைத்தான் திருப்ப வேண்டும். எதை அளக்கிறோமோ அதை வைத்துத்தான் திசை.

திருப்பிய பிறகு ரிலையபிலிட்டி ஓட்டி, Corrected Item-Total Correlation என்ற பத்தியைப் பாருங்கள். பத்தும் பாசிட்டிவாக இருந்தால் சரி. உங்கள் எண்களை வைத்து, கேள்விகளின் பரவல் ஏறக்குறைய ஒரே அளவு என்று எடுத்துக்கொண்டு நான் போட்டுப் பார்த்ததில், ஆல்ஃபா 0.85 பக்கமும் எஸ்.டி. ஆறு, ஆறரை பக்கமும் வர வேண்டும். ஏறக்குறைய அப்படி வந்தால் பிரச்சினை முடிந்தது.

ஏறியும் ஏறாமலும் 0.5, 0.6 என்று நின்றால் வேறு எங்கோ தவறு இருக்கிறது, அதை எனக்கு நடந்ததை வைத்துச் சொல்கிறேன். சில வருஷம் முன்னால் கோத்தகிரிப் பக்கம் ஒரு தொண்டு அமைப்புக்காக இதே ஸ்கேலைக் கேட்டோம், களத்தில் நான்கு பெண்கள். எல்லாம் முறையாகத் திருப்பித்தான் கூட்டினேன், ஆனாலும் ஆல்ஃபா 0.55ஐத் தாண்டவில்லை. மொழிபெயர்ப்பு சரியில்லையோ, இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் தமிழுக்கும் படகர் வீடுகளில் பேசுகிற தமிழுக்கும் ஒரே கேள்வி வேறு மாதிரிக் கேட்கிறதோ என்றெல்லாம் இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கேட்டவர் வாரியாகப் பிரித்து, ஒவ்வொருவர் ஃபார்மிலும் Pக்கும் Nக்கும் கோரிலேஷன் போட்டுப் பார்த்தேன். மூன்று பேருக்கு மைனஸ், அதுதான் முறை, கஷ்டம் கூடினால் தெம்பு குறையும். நான்காவது பெண்ணின் ஃபார்மில் மட்டும் நல்ல பிளஸ்.

அவரைக் கூப்பிட்டு, என்னையே பதில் சொல்கிறவராக வைத்துக் கேட்கச் சொன்னேன். நாலாவது கேள்வி வந்தது, நான் "அடிக்கடி" என்றேன். அவர் பேனாவால் 1ஐச் சுழித்தார். ஏன் என்று கேட்டால், "இது நல்ல விஷயம்தானே அக்கா, இதுக்கு நிறையப் போட்டா கஷ்டம் நிறைய இருக்குன்னு ஆயிடுமே, அதான் குறைச்சுப் போட்டேன்" என்றார். அவர் நன்றாக யோசித்துத்தான் செய்திருக்கிறார். பயிற்சி கொடுத்த அன்று, மொத்த ஸ்கோர் அதிகமானால் அழுத்தம் அதிகம் என்று நான் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு களத்திலேயே திருப்பிவிட்டார், அதை நான் மறுபடி திருப்பி அவருடைய ஃபார்ம் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன். அதற்குள் முதல் அறிக்கை அச்சாகிவிட்டது, திருத்தி மறுபடி அனுப்ப வேண்டியதாயிற்று. எல்லா ஃபார்மிலும் ஒரே மாதிரி செய்தாரா என்று கேட்டதற்கு ஆமாம் என்றார், முதல் நாள் ஃபார்ம்களையும் கடைசி நாள் ஃபார்ம்களையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அவருடைய ஃபார்ம்களை மட்டும் திருப்பாமல் விட்டேன். பாதி நாள் அப்படியும் பாதி நாள் இப்படியும் செய்திருந்தால் அந்த ஃபார்ம்களைத் தூக்கி ஓரமாக வைத்திருக்க வேண்டியதுதான். உங்களுக்கு உதவிக்கு வந்தவர்கள் யாராவது இருந்தால் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள், பத்து நிமிஷ வேலை.

"முடியவில்லை" என்ற கேள்விகளில் இன்னொரு சிக்கல் நம் பேச்சில் இருக்கிறது. "முடியாமப் போச்சா?" என்று கேட்டால், முடிந்தது என்று சொல்ல வருகிற பெண்ணும் "இல்ல" என்பார், முடியவே இல்லை என்று சொல்ல வருகிற பெண்ணும் "இல்லம்மா, எங்க முடியுது" என்பார். இரண்டையும் 0 என்று குறித்துவிட்டால் இரண்டாவது பெண்ணின் பதில் தலைகீழாகிவிடும். திருப்பிய பிறகு 2, 6 இரண்டு கேள்விகளின் கோரிலேஷன் மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்து நின்றால் இதைச் சந்தேகப்படுங்கள். இதைக் கணக்கில் சரிசெய்ய முடியாது, அடுத்த முறை "எத்தனை தடவை அப்படி ஆச்சு?" என்று திருப்பிக் கேட்டுக் குறிக்கச் சொல்லலாம். இந்த முறைக்கு, குறையாக தீசிஸில் எழுதிவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்ட "எடுத்துவிடலாமா". ஆறு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டால் 0.80 வருகிறது என்பது உண்மைதான். ஆனால் அது பிஎஸ்எஸ்-10 இல்லை, 0 முதல் 24 வரை போகிற வேறு ஏதோ ஒன்று, யாருடைய எண்ணோடும் ஒப்பிட முடியாது. ஆமாம் போடுகிற அந்த மூன்றாவது பெண்ணைக் கழிக்கவும் அதில் ஒன்றும் இருக்காது. பிஎஸ்எஸ்-10ஐ ஃபாக்டர் அனாலிசிஸ் செய்தவர்கள் பலருக்குக் கஷ்டம் ஒரு பக்கம், சமாளிக்கும் தெம்பு ஒரு பக்கம் என்று இரண்டாகத்தான் பிரிந்திருக்கிறது. தெம்பு என்ற அந்தப் பாதியை முழுதாகத் தூக்கிப் போட்டுவிட்டு, எஸ்டேட் பெண்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கடைசி அத்தியாயத்தில் எழுத முடியாது.

கைடிடம் போகும்போது இரண்டு ஆல்ஃபாவையும் கொண்டு போங்கள், திருப்புவதற்கு முன் 0.14, பிறகு என்ன வந்ததோ அது. முறையியல் அத்தியாயத்தில் எந்தக் கேள்விகளை, எந்த எண்ணிலிருந்து கழித்துத் திருப்பினீர்கள், பதில் விட்டுப்போன ஃபார்ம் எத்தனை, அவற்றை என்ன செய்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். டி-டெஸ்ட், கோரிலேஷன் என்று இதுவரை ஓட்டியதை எல்லாம் புது ஸ்கோரில் மறுபடி ஓட்ட வேண்டும், பழைய அட்டவணை ஒன்றுகூடத் தங்கக் கூடாது. அதற்கு முன்னால் இன்றைக்கு ராத்திரி ஒரு வேலை: ஃபார்ம் கட்டிலிருந்து கைக்கு வந்த ஐந்தை உருவி, பென்சிலால் அந்த நான்கு கேள்விகளின் ஓரத்தில் திருப்பிய எண்ணை எழுதி, கையால் கூட்டி, ஷீட்டில் இருக்கிற ஸ்கோரோடு ஒப்பிடுங்கள். ஐந்தும் ஒத்துப்போனால் மேலே போகலாம். ஒன்று பிசகினாலும் அந்த ஃபார்மை போட்டோ எடுத்து, பெயர் வரி தெரியாமல் மறைத்து, எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.